நீராக வடிகிறது, கூடவே அரிப்பு. 27-வது வாரத்தில் இது சாதாரணமா?

நிலவொளி | பிப்ரவரி 4, இரவு 10.40

முதல் குழந்தை, 27 வாரம். மூன்றாம் மாதத்தில் இருந்தே வெள்ளைப்படுதல் அதிகம்தான். எல்லாருக்கும் இருக்கும் என்றார்கள், விட்டுவிட்டேன். இப்போது கொஞ்ச நாளாக அது மாறிவிட்டது. தண்ணீர் மாதிரி மெல்லிசாக, உள்ளாடை நனைந்து மாற்ற வேண்டிய அளவுக்கு வருகிறது. அதோடு அரிப்பு, இரவில் தூக்கமே போகிறது. ஈஸ்டாக இருக்கும் என்று மருந்துக்கடையில் கேட்டு க்ளோட்ரிமசோல் க்ரீம் போட்டேன். முதலில் நன்றாகக் குறைந்தது, நிறுத்தியதும் பழையபடி வந்துவிட்டது. வலி, காய்ச்சல் எதுவும் இல்லை. வாடையும் பெரிதாக இல்லை. குழந்தை நன்றாக அசைகிறது. அடுத்த செக்கப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதுவரை பொறுக்கலாமா, இல்லை வேறு க்ரீம் மாற்றிப் பார்க்கலாமா?

புனிதா_இருகுழந்தைகள் | பிப்ரவரி 4, இரவு 11.05

பயப்படாதீங்க. எனக்கு இரண்டு முறையும் இப்படித்தான் இருந்தது. கர்ப்பத்தில் ஹார்மோன் கூடுவதால் நீர் அதிகமாக வரும், அது சகஜம். ஈஸ்ட் என்றால் கட்டி கட்டியாக வரும், உங்களுக்குத் தண்ணீராக வருகிறது, அதனால் ஈஸ்ட் கிடையாது. தொற்று ஏதாவது இருந்தால் வாடை அடிக்கும், அதுவும் உங்களுக்கு இல்லை. பருத்தி உள்ளாடை போடுங்க, வாசனை சோப்பை நிறுத்துங்க, சரியாகிவிடும். செக்கப் வரை பொறுக்கலாம்.

மருத்துவச்சி | பிப்ரவரி 5, காலை 6.20

நிலவொளி, பத்து நாள் பொறுக்க வேண்டாம். இன்றே போன் பண்ணி இன்றே போய்க் காட்டுங்கள். ஏன் என்று சொல்கிறேன். கர்ப்பகாலச் சோதனை அறையில் பல வருடமாக வேலை செய்கிறேன், இந்தக் கேள்வி ஏறக்குறைய தினமும் வரும்.

நீங்கள் சொல்வதில் இரண்டு விஷயம் ஒன்றாகக் கலந்திருக்கிறது. ஒன்று ஈரம், இன்னொன்று அரிப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்காத வரை விடை கிடைக்காது.

ஈரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது, கருப்பைவாய்க்கும் அதைச் சுற்றிய இடத்துக்கும் இரத்த ஓட்டம் கூடுகிறது, அங்குள்ள சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. நிறமற்றோ பால் வெள்ளையாகவோ மெல்லிய திரவம் வரும், மாதம் ஏற ஏற அளவும் கூடும். புனிதா சொன்ன இந்தப் பகுதி முழுக்கச் சரி. ஆனால் இந்தச் சாதாரண ஈரம் அரிக்காது, எரியாது. நாள் முழுக்க நனைந்த துணியோடு இருந்தால் தோல் கொஞ்சம் உறுத்தலாம், அவ்வளவுதான். தூக்கத்தைக் கெடுக்கிற அரிப்புக்கு வேறு காரணம் இருக்கும், அதைத் தேடித்தான் ஆக வேண்டும்.

இப்போது அவசரம் எங்கே என்றால், "தண்ணீர் மாதிரி" என்ற சொல்லில். 27 வாரத்தில் ஒருவர் அப்படிச் சொன்னால் நான் முதலில் நினைப்பது தொற்றை அல்ல, பனிக்குட நீர் கசிகிறதா என்பதைத்தான். பனிக்குடம் ஒரேயடியாக உடைந்து கொட்டினால் யாருக்கும் தெரியும். மேல்பக்கமாகச் சின்னக் கிழிசல் விழுந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் பல பேர் அதை வெள்ளைப்படுதல் என்றோ சிறுநீர் என்றோதான் நினைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு அது இருக்க வாய்ப்பு குறைவு, அரிப்போடு சேர்ந்து வருவதால் தொற்றுதான் என்று தோன்றுகிறது. ஆனாலும் போனிலோ இங்கேயோ இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கிளம்பும் வரை வீட்டில் இதைக் கவனியுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, வாசனை சேர்க்காத வெள்ளை நாப்கின் ஒன்றை வைத்து அரைமணி நேரம் படுத்திருங்கள். பிறகு எழுந்து நில்லுங்கள். நிற்கும்போது கடகடவென்று இறங்கி நாப்கின் நனைந்தால் உடனே கிளம்புங்கள். நாப்கினையும் கையில் கொண்டு போங்கள், நிறமும் வாடையும் அவர்களுக்கு உதவும். நனையாவிட்டாலும் போகத்தான் வேண்டும், ஓட வேண்டியதில்லை. பரிசோதனை முடியும் வரை உள்ளே எதுவும் வைக்காதீர்கள், க்ரீம் உட்பட. தாம்பத்திய உறவும் வேண்டாம்.

பச்சை நிறமாகவோ இரத்தம் கலந்தோ வந்தால், காய்ச்சல் வந்தால், வயிறு இறுகி இறுகி விட்டால், அசைவு குறைந்தால் போன் பண்ணிக்கொண்டு நிற்காமல் நேராகப் போய்விடுங்கள்.

மருத்துவச்சி | பிப்ரவரி 5, காலை 6.45

புனிதாவின் மற்ற இரண்டு வரிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதை வாசித்துவிட்டு யாராவது வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

ஈஸ்ட் என்றால் திரிந்த தயிர் போலத்தான் வரும் என்பதில்லை. பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் மெல்லிசாக, நீராகக்கூட வரும். சிலருக்குத் திரவமே கூடாது, அரிப்பும் சிவப்பும் மட்டும் இருக்கும். வாடை இல்லை என்றால் தொற்று இல்லை என்பதும் அப்படியே. ஈஸ்டுக்கு வாடையே கிடையாது. வாடைக்குப் பேர் போனது பாக்டீரியல் வஜினோசிஸ். மெல்லிய சாம்பல் நிறத் திரவம், மீன் வாடை, உறவுக்குப் பிறகு அது கூடும். ஆனால் அதில் அரிப்பு பெரும்பாலும் இருக்காது. ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி இருக்கிறதே, அது அரிக்கவும் செய்யும், நீராக வடியவும் செய்யும், வாடை சில பேருக்கு இருக்கும், சில பேருக்கு இருக்காது.

நிறத்தையும் கெட்டித்தன்மையையும் பார்த்து இது இன்னது என்று என்னாலும் சொல்ல முடியாது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் கண்ணை நம்பி மருந்து கொடுக்க எனக்கு மனம் வராது. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், தனக்கு ஈஸ்ட்தான் என்று தானே முடிவு செய்து மருந்துக்கடையில் மருந்து வாங்கிய பெண்களைச் சோதித்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு பேருக்குத்தான் ஈஸ்ட் மட்டும் இருந்தது.

அப்பாவாகப்போகிறேன் | பிப்ரவரி 5, காலை 9.15

இதே பிரச்சினை என் மனைவிக்கும். 33 வாரம், அரிப்பு தாங்க முடியவில்லை. உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் சொறிந்து சொறிந்து சிவந்துபோச்சு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து காலைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துக்கொள்கிறார். வெள்ளைப்படுதல் எப்போதும் போலத்தான். அந்த க்ளோட்ரிமசோல் க்ரீமைக் கையில் தடவலாமா?

மருத்துவச்சி | பிப்ரவரி 5, காலை 9.40

சார், இது இதே பிரச்சினை இல்லை. க்ரீமை வைத்துவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள், இன்றே.

தோலில் தடிப்பு, கொப்புளம் ஏதும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்து, இரவில் அது கூடினால் கல்லீரலைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் சிலருக்குப் பித்தநீர் சரியாக வடியாமல் அதிலுள்ள அமிலங்கள் இரத்தத்தில் சேரும். தோலில் தெரிவது சொறிந்த தடம் மட்டும்தான். பித்த அமிலம், கல்லீரல் செயல்பாடு என்ற இரண்டு இரத்தப் பரிசோதனைகளையும் பெயர் சொல்லிக் கேளுங்கள், வழக்கமான இரத்தப் பரிசோதனையில் பித்த அமிலம் இருக்காது. முதல் முறை சரியாக வந்து அரிப்பு தொடர்ந்தால் மறுபடியும் எடுக்க வேண்டும், அரிப்பு முதலில் வந்து எண் பிறகு ஏறுவதும் உண்டு. அளவு மிக அதிகமானால் குழந்தைக்கு ஆபத்து. அதனால்தான் அவசரம்.

அப்பாவாகப்போகிறேன் | பிப்ரவரி 5, காலை 9.52

லீவு சொல்லிவிட்டேன். கிளம்புகிறோம்.

நிலவொளி | பிப்ரவரி 6, மாலை 4.30

அக்கா, நேற்றே போனேன். படுத்து எழுந்து பார்த்ததில் நாப்கின் லேசாக ஈரமானது, கொட்டவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் சிறுநீர் எடுத்தார்கள். எரிச்சல் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார், இருக்கிறது என்றேன். சிறுநீர் வரும்போது உள்ளே எரிகிறதா, வந்த பிறகு வெளித்தோலில் பட்டு எரிகிறதா என்று திருப்பிக் கேட்டார். யோசித்துப் பார்த்தால் வெளியேதான். உள்ளே எரிந்தால் சிறுநீர்த் தொற்றை நினைப்பாராம், வெளியே என்றால் தோல் புண்ணாகியிருக்கிறது என்று அர்த்தமாம்.

பிறகு ஸ்பெகுலம் வைத்துப் பார்த்தார். இரும சொன்னார். இருமும்போது கருப்பைவாயில் இருந்து நீர் எதுவும் வரவில்லை, உள்ளே குளம்போலத் தேங்கியும் இல்லை. பனிக்குடம் பத்திரமாக இருக்கிறது என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. கருப்பைவாய் சிவந்து புள்ளி புள்ளியாக இருப்பதாகச் சொன்னார். பக்கச் சுவரில் இருந்து ஒரு குச்சியால் எடுத்துக் காகிதத்தில் தேய்த்தார், பி.எச். 5.5. இது ஈஸ்ட் மாதிரி இல்லை என்று சொல்லி இரண்டு ஸ்வாப் எடுத்து அனுப்பினார். மருந்து இன்னும் கொடுக்கவில்லை.

இன்று நுண்ணோக்கி ரிப்போர்ட் வந்தது. ஈஸ்ட் இல்லை, ஒட்டுண்ணி இல்லை, வெள்ளை அணுக்கள் நிறைய. இன்னொரு ஸ்வாப்புக்கு இரண்டு மூன்று நாளாகுமாம். எல்லாம் இல்லை என்றால் எதற்கு இத்தனை அரிப்பு?

புனிதா_இருகுழந்தைகள் | பிப்ரவரி 6, மாலை 5.00

நான் சொன்னேனே, ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது பாருங்க. ஸ்கேனில் நீர் அளவு பார்த்தார்களா?

நிலவொளி | பிப்ரவரி 6, மாலை 5.10

பார்த்தார்கள், அளவு சரியாக இருக்கிறது.

சலைன்சொட்டு | பிப்ரவரி 6, இரவு 8.25

ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அந்த ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ட்ரைக்கோமோனாஸை நுண்ணோக்கியில் கண்டுபிடிப்பது அதன் அசைவை வைத்துத்தான். ஒரு சொட்டு சலைனில் கலந்து, கண்ணாடித்தகட்டில் வைத்து உடனே பார்த்தால் துடித்துத் துடித்து ஓடும். சூடு ஆறினால் அசைவு நின்றுவிடும். நின்றுவிட்டால் அது வெள்ளை அணு அளவில்தான் இருக்கும், இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். எடுத்த பத்து, இருபது நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். நேற்று எடுத்து இன்று ரிப்போர்ட் என்றால் ஸ்வாப் எவ்வளவு நேரம் வரிசையில் காத்திருந்ததோ தெரியாது. உடனே பார்த்தாலுமே பாதிக்குக் கொஞ்சம் கூடுதலான பேருக்குத்தான் அது கண்ணில் படும். வெள்ளை அணுக்கள் நிறைய என்று எழுதியிருக்கிறார்களே, எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது.

இரண்டாவது ஸ்வாப் மரபணுப் பரிசோதனைக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு உயிரோடு அசைய வேண்டிய அவசியமில்லை. அதற்காகக் காத்திருங்கள்.

மருத்துவச்சி | பிப்ரவரி 6, இரவு 9.10

சலைன்சொட்டு சொன்னதோடு இன்னொன்று. அந்த 5.5 என்ற எண்ணை விட்டுவிடாதீர்கள். சாதாரணமாக அங்கே அமிலத்தன்மை அதிகம், 3.8-க்கும் 4.5-க்கும் இடையில் இருக்கும். லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலம் சுரந்து அப்படி வைத்திருக்கிறது. ஈஸ்ட் இந்த அமிலத்திலேயே சுகமாக வளரும், எண்ணை மாற்றாது. வஜினோசிஸும் ட்ரைக்கோமோனாஸும் வந்தால் 4.5-ஐத் தாண்டும். அதனால்தான் டாக்டர் காகிதத்தைப் பார்த்ததுமே ஈஸ்ட் மாதிரி இல்லை என்றிருக்கிறார். அவர் பக்கச் சுவரில் இருந்து எடுத்ததும் கவனமான வேலை. கருப்பைவாய்ச் சளி இயல்பிலேயே காரமானது, அது பட்டால் எண் பொய்யாக ஏறிவிடும்.

பனிக்குட நீருக்கு இந்த எண் 7-க்கு மேல் போகும். கடையில் விற்கிற நிறம் மாறும் நாப்கின், நிறம் மாறும் குச்சி எல்லாம் இந்த வித்தியாசத்தைத்தான் நம்பியிருக்கின்றன. வஜினோசிஸ், இரத்தம், விந்து, சிறுநீர் இவற்றாலும் நிறம் மாறலாம். நிறம் மாறினால் போய்க் காட்டுங்கள், மாறவில்லை என்பதற்காக மட்டும் வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

நிலவொளி | பிப்ரவரி 6, இரவு 9.30

அப்படியானால் க்ரீம் போட்டதும் ஏன் குறைந்தது? அதை வைத்துத்தான் ஈஸ்ட் என்று உறுதியாக நம்பினேன்.

மருத்துவச்சி | பிப்ரவரி 6, இரவு 9.50

புண்ணான தோலுக்கு எந்தக் களிம்பு போட்டாலும் இதமாக இருக்கும், அது ஒன்று. க்ளோட்ரிமசோல் ட்ரைக்கோமோனாஸின் தொந்தரவையும் கொஞ்சம் தணிக்கும், ஆனால் ஒழிக்காது. குறைந்துவிட்டு நிறுத்தியதும் திரும்புவதைப் பார்த்தால் எனக்கு மருந்து இடம் மாறிப் போயிருக்கிறது என்ற எண்ணம்தான் வரும்.

உண்மையிலேயே ஈஸ்டாக இருந்தாலும் கர்ப்பத்தில் மூன்று நாள் மருந்து போதாது. உள்ளே வைக்கிற மாத்திரையோ க்ரீமோ ஏழு நாள் தொடர வேண்டும். ஒரே வேளை விழுங்குகிற ஃப்ளூகோனசோல் மாத்திரையை யாராவது சுலபம் என்று சொன்னால் வாங்காதீர்கள், கர்ப்பத்தில் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அடிக்கடி ஈஸ்ட் திரும்பினால் சர்க்கரை பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். அந்தப் பரிசோதனை எப்படியும் 24-லிருந்து 28 வாரத்துக்குள் வரும்.

அப்பாவாகப்போகிறேன் | பிப்ரவரி 8, மாலை 6.10

வேறு இழைக்குப் போக மனமில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன். பித்த அமிலம் 46. நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்கள். வாரம் ஒரு முறை இரத்தம் எடுக்க வேண்டும், ஏறாமல் இருந்தால் 38 வாரத்தில் பிரசவத்துக்கு ஏற்பாடு. அரிப்புக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மருத்துவச்சி அம்மாவுக்கு என் மனைவியும் நன்றி சொல்லச் சொன்னார்.

நிலவொளி | பிப்ரவரி 9, பகல் 12.15

ட்ரைக்கோமோனாஸ் இருக்கிறதாம்.

மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, ஏழு நாள். கணவருக்கும் மருந்து. இது உறவின் மூலம் பரவுவது என்று டாக்டர் சொன்னதில் இருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். அவரிடம் எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை. அவரும் என்னைத்தானே கேட்பார்?

புனிதா_இருகுழந்தைகள் | பிப்ரவரி 9, பகல் 12.40

கடவுளே. நிலவொளி, மனதை விடாதீங்க. ஆனால் கர்ப்பத்தில் மெட்ரோனிடசோல் சாப்பிடவே கூடாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், குழந்தைக்குக் குறை வரும் என்பார்கள். இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்க.

மருத்துவச்சி | பிப்ரவரி 9, பகல் 1.30

முதலில் அந்த மருந்து. மெட்ரோனிடசோல் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும் என்பது உண்மை, பயம் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் கர்ப்பத்தில் இதைச் சாப்பிட்ட ஏராளமான பெண்களைத் தொடர்ந்து பார்த்ததில் குழந்தைகளுக்குக் குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை. அறிகுறியோடு ட்ரைக்கோமோனாஸ் இருக்கிற கர்ப்பிணிக்கு எந்த மாதத்திலும் இதுதான் மருந்து. புனிதா, அக்கறையில்தான் சொல்கிறீர்கள், ஆனால் இதைக் கேட்டு அவர் பாதியில் நிறுத்தினால் தொற்று அப்படியே நிற்கும். நிலவொளி, வாயில் உலோகச் சுவை வரும், குமட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள். அரிப்பு நின்றுவிட்டாலும் ஏழு நாளும் முடியுங்கள்.

அடுத்தது கணவர். இதை நிதானமாக வாசியுங்கள். ட்ரைக்கோமோனாஸ் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே இருக்காது, ஆண்களுக்கு இன்னும் குறைவு. கவனிக்காமலே மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் உடம்பில் இருந்துவிடும். இப்போது கண்டுபிடித்தார்கள் என்பதற்காக இப்போது வந்தது என்று அர்த்தம் இல்லை. யாரிடம் இருந்து யாருக்கு, எப்போது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. இந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் விசாரிக்க அதில் ஆதாரமே கிடையாது. "நம் இரண்டு பேருக்கும் மருந்து சாப்பிட வேண்டிய ஒரு தொற்று இருக்கிறது, நீங்களும் சாப்பிட்டால்தான் எனக்குத் திரும்ப வராது" என்று சொல்லுங்கள். அடுத்த செக்கப்புக்கு அவரையும் அழைத்துப் போய் டாக்டரையே சொல்ல வைத்தாலும் சரி.

இருவரும் மருந்து முடித்து, தொந்தரவு தீரும் வரை உறவு வேண்டாம். உறவின் மூலம் பரவும் மற்ற தொற்றுகளுக்கும் ஒருமுறை பார்ப்பது வழக்கம். டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

சலைன்சொட்டு | பிப்ரவரி 9, இரவு 10.00

மருத்துவச்சி அம்மா சொன்னதை மறுக்கவில்லை, ஒன்று சேர்க்கிறேன். ட்ரைக்கோமோனாஸ் இருந்தால் குறைமாதப் பிரசவம் கூடுகிறது என்பது தெரியும். அப்படியானால் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிசோதனை செய்து மருந்து கொடுத்துவிடலாமே என்று தோன்றும். 2001-ல் அமெரிக்காவில் அறிகுறியே இல்லாத கர்ப்பிணிகளுக்கு அப்படிக் கொடுத்துப் பார்த்தார்கள். குறைமாதப் பிரசவம் குறையவில்லை. மருந்து சாப்பிட்டவர்களிடம் அது கூடுதலாகவே இருந்தது.

மருத்துவச்சி | பிப்ரவரி 10, காலை 6.05

அந்த ஆய்வு எனக்கும் தெரியும். அதில் கொடுத்த அளவும் விதமும் வேறு, ஒரே வேளையில் 2 கிராம், இரண்டு நாள் கழித்து இன்னொரு 2 கிராம், பிறகும் ஒரு சுற்று. இப்போதைய ஏழு நாள் முறையைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அறிகுறி இல்லாதவர்களைத் தேடிப் பிடித்துச் சோதிக்க வேண்டுமா என்பதில் இன்றைக்கும் ஒருமித்த கருத்து கிடையாது. நிலவொளியின் விஷயம் அது இல்லை. அவருக்கு அரிக்கிறது, தூக்கம் போகிறது, தோல் புண்ணாகியிருக்கிறது.

சலைன்சொட்டு | பிப்ரவரி 10, காலை 8.30

இவருக்கு மருந்து வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் "இது தீர்ந்தால் குறைமாத ஆபத்தும் தீர்ந்தது" என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

நிலவொளி | பிப்ரவரி 20, இரவு 9.45

இருவரும் மருந்து முடித்தோம். அவரிடம் சொன்ன அன்று இரவு பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் அவரே டாக்டரிடம் வந்தார், டாக்டர் விளக்கியதும் இறுக்கம் தளர்ந்தது. மற்ற பரிசோதனைகளில் இருவருக்கும் எதுவும் இல்லை.

அரிப்பு நான்காம் நாளே போய்விட்டது. ஆனால் ஈரம் மட்டும் அப்படியே இருக்கிறது அக்கா. கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. மருந்து வேலை செய்யவில்லையோ?

மருத்துவச்சி | பிப்ரவரி 20, இரவு 10.20

என்ன நிறம், தோலில் எரிச்சல் உண்டா, ஒரு நாளில் எத்தனை முறை மாற்றுகிறீர்கள்?

நிலவொளி | பிப்ரவரி 20, இரவு 10.28

பால் கலந்த தண்ணீர் போல. எரிச்சல் இல்லை. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை மாற்றினால் போதும். முன்பு ஐந்தாறு முறை மாற்றுவேன்.

மருத்துவச்சி | பிப்ரவரி 20, இரவு 10.45

அப்படியானால் மிச்சம் இருப்பது உங்களுடைய சொந்த ஈரம், மூன்றாம் மாதத்தில் இருந்து இருந்ததுதான். பிரசவம் வரை இருக்கும், இன்னும் கூடவும் செய்யும். அதை நிறுத்த முயலாதீர்கள். உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். வெளிப்பக்கம் வெறும் தண்ணீர் போதும். வாசனை சேர்த்த லைனரை வைக்காமல் உள்ளாடையை மாற்றிக்கொள்ளுங்கள், புண்ணாகி ஆறிய தோலுக்கு அந்த வாசனைப் பொருளே மறுபடி அரிப்பைக் கிளப்பும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ட்ரைக்கோமோனாஸ் திரும்ப வருவது சாதாரணமாக நடக்கிறது, அதனால் மூன்று மாதத்துக்குள் மறுபரிசோதனை உண்டு, தொந்தரவே இல்லாவிட்டாலும். ரொம்பச் சீக்கிரம் எடுத்தால் செத்த ஒட்டுண்ணியின் மரபணுவையே அந்தப் பரிசோதனை பிடித்து, தொற்று இன்னும் இருக்கிறது என்று காட்டிவிடும். உங்களுக்கு 36 வாரத்தில் எடுத்தால் சரியாக இருக்கும்.

நிலவொளி | ஏப்ரல் 9, மாலை 5.20

36 வாரம் முடிந்தது. மறுபரிசோதனையில் ட்ரைக்கோமோனாஸ் இல்லை. பி.எச். 4.2. ஈரம் முன்னைவிட அதிகம்தான், ஆனால் இப்போது பயமில்லை. நேற்று கொஞ்சம் கூடுதலாகத் தோன்றியதும் நாப்கின் வைத்துப் படுத்து எழுந்து பார்த்தேன், ஒன்றும் இறங்கவில்லை, ஆனாலும் போன் பண்ணிச் சொன்னேன், வரச்சொல்லிப் பார்த்தே அனுப்பினார்கள்.

இன்னொரு கேள்வி. அதே ஸ்வாப்பில் கல்ச்சர் ரிப்போர்ட்டில் "கேண்டிடா வளர்ந்துள்ளது" என்று இருக்கிறது. அரிப்பு சுத்தமாக இல்லை. ஏழு நாள் மருந்து போட வேண்டுமா?

மருத்துவச்சி | ஏப்ரல் 9, இரவு 7.00

அரிப்பு இல்லை, சிவப்பு இல்லை, எரிச்சல் இல்லை என்றால் வேண்டாம். எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களில் பலருக்கும் கேண்டிடா உள்ளே குடியிருக்கும், கர்ப்பத்தில் இன்னும் அதிகம் பேருக்கு. கல்ச்சர் அதைப் பிடித்து வளர்த்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். நாளைக்கு அரிப்பு வந்தால் அப்போது போடலாம்.

சலைன்சொட்டு | ஏப்ரல் 9, இரவு 8.40

பாதி ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஆய்வகத்துக்கு ஸ்வாப் அனுப்புகிற டாக்டர்களில் சிலர், பிரசவத்துக்கு முன் கேண்டிடா இருந்தால் குழந்தை வாயில் வெண்புண் வரும் என்று அறிகுறி இல்லாமலே மருந்து கொடுக்கிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். உங்கள் டாக்டர் எப்படி நினைக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவச்சி | ஏப்ரல் 9, இரவு 9.05

கேட்கட்டும். கேட்கும்போது ரிப்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன் "எனக்கு அரிப்பு இல்லை" என்பதை முதலில் சொல்லுங்கள் நிலவொளி.